பழம்பொருள் கடை விலைச்சீட்டில் விண்டேஜ், கிளாசிக், அப்சலீட்: எதை எப்படி வாசிப்பது?

பழம்பொருள் கடையில் பொருளோடு நூலில் கட்டித் தொங்கும் அட்டையில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் இருப்பது அபூர்வம். ஆன்டிக், விண்டேஜ், ரெட்ரோ, கிளாசிக், அப்சலீட் என்று அதில் எது இருந்தாலும் பேச்சில் நாம் ‘பழசு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். புதிதாக வாங்க வருபவர் ஏமாறுவது அங்கேதான், ஏனென்றால் இவை ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. எப்போது செய்தது என்பதற்குப் பதில் ஒரு சொல். எந்தக் காலத்துச் சாயலில் செய்தது என்பதற்கு இன்னொன்று. இன்றைக்கு வேலை செய்யுமா, இன்றைக்கும் ஆட்கள் விரும்புகிறார்களா என்பவற்றுக்கு வேறு சொற்கள். விற்பவர் தனக்குத் தோதான கேள்விக்குப் பதிலை எழுதிவிட்டு மற்றவற்றைப் பேசாமல் விட்டுவிடலாம். அது பொய் ஆகாது. விட்டுப்போனதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவர் பாடு.

கீழே சொல்லியிருக்கும் வரிசையில் சீட்டை வாசித்துப் பாருங்கள். வரிசையை மாற்றினால் குடி முழுகிப்போகாது. ஆனால் முதல் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதல் படி: ‘ஸ்டைல்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா?

‘விக்டோரியன் மேசை’ என்று ஒரு சீட்டு, ‘விக்டோரியன் ஸ்டைல் மேசை’ என்று இன்னொரு சீட்டு. முதலாவது, விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில் செய்த மேசை என்று உரிமை கோருகிறது. இரண்டாவது அப்படி எதையும் கோரவில்லை. கால்களின் கடைசலும் செதுக்கலும் அந்தக் காலத்து மாதிரி என்கிறது, அவ்வளவுதான். மேசை போன மாதம் பட்டறையை விட்டு வந்ததாகக்கூட இருக்கலாம். ஏலக் கூடங்களின் பட்டியல்களிலும் இதே மரபு உண்டு. காலத்தின் பெயர் தனியாக நின்றால் அந்தக் காலத்துப் பொருள், ‘ஸ்டைல்’ ஒட்டினால் பிற்காலத்தது.

‘ரெட்ரோ’வும் இந்தக் குடும்பம்தான். 1960களின் தோற்றத்தில் நேற்று செய்த வானொலிப் பெட்டியை ரெட்ரோ என்பார்கள். சில கடைகள் உண்மையான 1960களின் பொருளுக்கும் இதே சொல்லைப் போடுவதால் குழப்பம் வருகிறது. சீட்டில் ரெட்ரோ மட்டும் இருந்தால் வயதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடைக்காரரை எனக்குப் பிடிக்கும். நகல் என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

‘ரிவைவல்’ கொஞ்சம் நுணுக்கமானது. இடைக்காலத் தேவாலய வடிவங்களை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி எடுத்துச் செய்தவற்றைக் கோதிக் ரிவைவல் என்கிறார்கள். அப்படி ஒரு நாற்காலி இடைக்காலத்துப் பொருள் அல்ல, ஆனாலும் அதற்கு 150 வயது இருக்கலாம். சாயலுக்கு ஒரு வயது, மரத்துக்கு ஒரு வயது. இரண்டையும் கலக்காமல் பார்க்கப் பழகினால் மீதிப் படிகள் சுலபம்.

இரண்டாம் படி: ஆன்டிக்கா, விண்டேஜா?

வயதைச் சொல்லும் சொற்கள் இரண்டு. அவற்றில் ஆன்டிக்குக்கு மட்டும்தான் ஓரளவு உறுதியான எல்லை உண்டு, அது நூறு ஆண்டுகள். உலக நாடுகள் சுங்கத்துக்காகப் பொதுவாகப் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் 9706 என்ற தலைப்பு ‘நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்கள்’ என்றே சொல்கிறது. வியாபாரத்திலும் இந்தக் கோட்டைத்தான் மதிக்கிறார்கள். நூறைத் தாண்டாத பொருளுக்கு ஆன்டிக் என்று எழுதினால் கேள்வி கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது.

விண்டேஜுக்கு இப்படி ஒரு எல்லை கிடையாது. திராட்சை அறுவடையையும் அது நடந்த ஆண்டையும் குறித்த ஒயின் உலகச் சொல் அது. அதனால் முன்பெல்லாம் ஆண்டோடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். இப்போது தனியாகவே திரிகிறது. எட்சி இணையச் சந்தையில் இருபது ஆண்டு ஆகியிருந்தாலே விண்டேஜ் என்று விற்கலாம். பழம்பொருள்காரர்களில் பலர் நாற்பதாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். பிரிட்டனின் பழைய கார் ஆர்வலர்களைக் கேட்டால் 1919 முதல் 1930 வரை செய்த கார்தான் விண்டேஜ் என்று சண்டைக்கே வருவார்கள். ஆகவே ‘விண்டேஜ் விளக்கு’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதிலிருந்து கிடைக்கும் தகவல், அநேகமாக இது புதிது இல்லை என்பது மட்டுமே. உடனே கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பத்தாண்டு? விற்பவர் ‘ஐம்பதுகள் இருக்கும்’ என்றால் அடுத்த கேள்வி, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? விஷயம் தெரிந்தவர் விளக்கைத் திருப்பி ஓர் அடையாளத்தைக் காட்டுவார். தெரியாதவர், கொடுத்தவர் வீட்டுக் கதையைச் சொல்வார்.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. அடியில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் அந்தப் பொருள் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அந்தப் பெயரில் ஒரு நாடு இருந்த காலம் அதுதான். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று இருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. தலையில் கூட்டல் குறி வெட்டுள்ள பிலிப்ஸ் திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. எந்தப் பொருளிலும் மிகப் புதிய உறுப்பைத் தேடுங்கள். அந்த உறுப்பு முதலிலிருந்தே இருந்தது என்றால் பொருளின் வயது அதற்கு மேல் போகாது. பின்னால் பழுதுபார்த்தபோது மாட்டியது என்றால் கணக்கு வேறு. இந்த ‘என்றால்’தான் சிக்கல். அதைக் கீழே ஒரு நாற்காலியை வைத்தே பார்ப்போம்.

மூன்றாம் படி: ஆண்டு எழுதியிருந்தால், அது எந்த ஆண்டு?

‘சிர்க்கா 1900’ என்றால் 1900 வாக்கில் என்று அர்த்தம். முன்னே பின்னே ஒரு பத்தாண்டு தள்ளி வைத்துப் பாருங்கள். ‘டேட்டட் 1898’ என்பது வேறு. பொருளின் மேலேயே 1898 என்று எழுதியோ பொறித்தோ இருக்கிறது என்று பொருள். வீட்டு அலங்காரம் பற்றிப் பேசும்போது இதே சொல்லை ‘காலம் போன தோற்றம்’ என்று குறையாகவும் சொல்வார்கள், ஆனால் விலைச்சீட்டில் அந்த அர்த்தத்தில் வராது. டேட்டட் என்று கண்டால் ‘எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பொறித்த ஆண்டு காப்புரிமை பெற்ற ஆண்டாகவோ, கம்பெனி தொடங்கிய ஆண்டாகவோ, பொருட்காட்சியில் பதக்கம் வாங்கிய ஆண்டாகவோ இருப்பது உண்டு. அவற்றில் எதுவும் செய்த ஆண்டு அல்ல.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது வடிவமைத்த ஆண்டு. டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரின் விஷ்போன் நாற்காலி 1949இல் வடிவமைத்தது, இன்றுவரை தயாரிப்பில் இருக்கிறது. அதன் சீட்டில் 1949 என்று மட்டும் இருந்தால் நாற்காலிக்கு எழுபது வயதும் இருக்கலாம், ஏழு வயதும் இருக்கலாம்.

நான்காம் படி: ‘கிளாசிக்’ என்பதை ஓரமாக வையுங்கள்

கிளாசிக் ஒரு தீர்ப்பு. இந்த வடிவம் காலத்தைத் தாண்டி நிற்கிறது என்று விற்பவர் சொல்கிறார். பல சமயம் உண்மையும் அதுதான். ஆனால் வயது, அசல், நிலை எதைப் பற்றியும் அது வாய் திறக்காது. பழைய கார்களில் மட்டும் சில சங்கங்கள் கிளாசிக் என்பதற்கு ஆண்டு வரையறை வைத்திருக்கின்றன, அவையும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். மேசை, நாற்காலி, கடிகாரச் சீட்டில் கிளாசிக்கை விரலால் மூடிக்கொண்டு மீதியை வாசியுங்கள். மீதி எதுவும் இல்லையென்றால் சீட்டில் விலை மட்டும்தான் எழுதியிருக்கிறது.

ஐந்தாம் படி: ‘அப்சலீட்’ என்றால் எது நின்றுபோனது?

வழக்கொழிந்தது என்பதை இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டும். பொருளின் தயாரிப்பு நின்றதா? அதற்குள் போட வேண்டிய சரக்கின் தயாரிப்பு நின்றதா? அதைப் பழுதுபார்க்கும் உதிரிகள் நின்றுபோயினவா? மூன்றும் மூன்று விதமான நஷ்டம்.

கேமரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 620 பிலிம் போடும் பழைய கோடாக் கேமராக்கள் இந்தக் கடைகளில் நிறையக் கிடைக்கும். சீட்டில் ‘அப்சலீட் பிலிம், அலங்காரத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் குறைந்த விலை போட்டிருப்பார்கள். கோடாக் 620 பிலிமை 1995இல் நிறுத்தியது உண்மை. ஆனால் 620இல் இருப்பதும், 1901இல் வந்து இன்றும் விற்கும் 120 பிலிமும் ஒரே பட்டைதான். வித்தியாசம் உருளையில். 620இன் உருளை மெலிந்தது, அதன் விளிம்புத் தட்டும் சிறியது. இருட்டறையில் 120 பிலிமைப் பிரித்து ஒரு காலி 620 உருளையில் சுற்றினால் கேமரா படம் எடுக்கும். எனவே அந்தக் கேமராவை வாங்கும்போது பின்மூடியைத் திறந்து உள்ளே காலி உருளை கிடக்கிறதா என்று பாருங்கள். படம் பிடிக்கும் எண்ணம் இருந்தால் கேமராவின் பளபளப்பைவிட அந்த உருளை முக்கியம்.

இதற்கு நேர்மாறு கோடாக்ரோம். அந்த வண்ண பிலிமின் தயாரிப்பை 2009இல் நிறுத்தினார்கள், கழுவும் வேலையும் அதற்கு அடுத்த ஆண்டோடு முடிந்தது. அதற்கென்று தனி ரசாயன முறை வேண்டும். ஆகவே பெட்டி பிரிக்காத கோடாக்ரோம் சுருள் கிடைத்தாலும் அதில் எடுக்கும் படத்தை அதன் வண்ணத்தில் கழுவித் தர ஆள் கிடைக்காது. முதலாவது சுற்றிவிட்டால் சரியாகிற வழக்கொழிவு, இரண்டாவது நிரந்தரம். சீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கும்.

இதன் அருகிலேயே ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ என்றும் பார்ப்பீர்கள். பழைய சரக்கு, விற்காமல் உபயோகிக்காமல் தேங்கியது என்று பொருள். உலோகம், கண்ணாடி என்றால் பயமில்லை. ரப்பரும் நுரைப் பஞ்சும் பெட்டிக்குள் இருந்தபடியே கெட்டுப்போகும். மின்சாரச் சாமான் என்றால் ‘வொர்க்கிங்’ என்று எழுதியிருந்தாலும், துணி சுற்றிய பழைய ஒயரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள்.

ஆறாம் படி: சீட்டில் யாரும் எழுதாத ‘அவுட்டேட்டட்’

தன் சரக்கை அவுட்டேட்டட் என்று எந்த வியாபாரியும் எழுத மாட்டார். ஆனாலும் விலையை நிர்ணயிப்பதில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கை மற்ற எதற்கும் இல்லை. அப்சலீட் என்றால் பயன் போனது, அவுட்டேட்டட் என்றால் ரசனை போனது. ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை. கிராமபோன் பயனில் எப்போதோ ஓய்ந்துவிட்டது, அதை வரவேற்பறையில் வைக்க ஆசைப்படுபவர்கள் குறையவில்லை. கனமான கருமர அலமாரி இன்றும் துணியை ஒழுங்காகத்தான் வைத்திருக்கும், வாங்க ஆள் இல்லை.

மேற்கத்தியப் பழம்பொருள் வியாபாரிகள் இந்தக் கருமரச் சாமான்களை ‘பிரவுன் பர்னிச்சர்’ என்று சலிப்போடு சொல்வார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளின் மஹோகனி, வால்நட் மேசைகளும் அலமாரிகளும் அதில் அடக்கம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவற்றின் விலை பெரிதாகச் சரிந்தது. வீடுகள் சிறுத்தன, வெளிர் நிறமும் நேர்க்கோடும் ரசனைக்கு வந்தன. விளைவு விநோதமானது. 150 வயது ஆன அசல் ஆன்டிக் அலமாரி ஒருபக்கம், அறுபது வயதைத் தாண்டாத டேனிஷ் தேக்கு அலமாரி மறுபக்கம், சின்னவனுக்கு விலை கூடுதல். வயதுதான் விலை என்று நினைத்து வருபவருக்கு இது புரியாது. வீட்டில் வைத்து உபயோகிக்கத் தேடுகிறீர்கள் என்றால், என் கணக்கில், இந்தக் கடைகளில் கொடுத்த காசுக்கு அதிக மரமும் அதிக வேலைப்பாடும் கிடைப்பது இந்தச் சீந்துவாரற்ற மூலையில்தான். விற்று லாபம் பார்க்க நினைப்பவர் அந்த மூலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

ஒரு சீட்டை முழுதாக வாசிப்போம்

மரத்தை வளைத்துச் செய்த ஒரு நாற்காலி. சீட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘விண்டேஜ் தோனெட் ஸ்டைல் நாற்காலி, கிளாசிக், சிர்க்கா 1900.’

கிளாசிக்கை மூடிவிடுங்கள். அந்த வடிவம் கிளாசிக் என்பதில் சந்தேகமில்லை. மரத்தை வளைத்து நாற்காலி செய்வதில் பெயர்பெற்ற மிக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது, ஆறு மரத்துண்டுகளைத் திருகால் முடுக்கிச் சேர்த்தது, இன்றும் செய்கிறார்கள். அந்தக் காரணத்தாலேயே வடிவத்தை வைத்து வயது சொல்ல முடியாது.

அடுத்து ‘ஸ்டைல்’. இது தோனெட் கம்பெனியில் செய்தது என்று விற்பவர் சொல்லவில்லை. மரம் வளைக்கும் முறைக்குத் தோனெட் வைத்திருந்த காப்புரிமை 1869இல் முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின. அதனால் பழைய வளைமர நாற்காலி என்றாலே தோனெட் என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அடுத்து ஒரு முரண். 1900 வாக்கில் செய்தது என்றால் நூறைத் தாண்டிவிட்டதே, பிறகு ஏன் விண்டேஜ்? விற்பவருக்கே ஆண்டில் உறுதியில்லை என்று தெரிகிறது. இனி அட்டையை விட்டுவிட்டு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதுதான். அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இருக்கையின் வட்டச் சட்டத்துக்கு உட்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் கம்பெனிகள் காகித லேபிளை ஒட்டியதும் முத்திரை குத்தியதும் அங்கேதான். நம் நாற்காலியில் தோனெட் இல்லை, ஆனால் ‘ஜே. அண்ட் ஜே. கோன்’ என்ற முத்திரை மங்கலாகத் தெரிகிறது. கோன் வியன்னாவில் தோனெட்டின் பெரிய போட்டியாளர். 1914இல் முண்டுஸ் என்ற கம்பெனியோடு இணைந்தது. முத்திரை அசல் என்றால் 1900 என்ற ஊகம் பொருந்திவருகிறது.

பிறகு திருகுகள். பின்கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் நேர்வெட்டுத் திருகு, மறுபக்கம் இரண்டு பிலிப்ஸ். பிலிப்ஸைக் கண்டதும் நகல் என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லாத் திருகும் பிலிப்ஸாக இருந்து, அவற்றைச் சுற்றியுள்ள மரமும் புதிதாக இருந்தால் மொத்தமுமே பிற்காலத்தது. இங்கே இரண்டு மட்டும் மாறியிருக்கின்றன. அவற்றின் அருகில் பழைய, பெரிய துளையின் விளிம்பும் தெரிகிறது. ஆடிப்போன காலை யாரோ பின்னாளில் முடுக்கியிருக்கிறார்.

கடைசியாக இருக்கை. இப்போது இருப்பது ஒட்டுப்பலகை. கீழிருந்து பார்த்தால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள். அவை பிரம்பு பின்னுவதற்கானவை. ஆக, முதலில் பிரம்பு இருக்கை இருந்திருக்கிறது, பின்னால் பலகை அடித்திருக்கிறார்கள். துளைகள் உடையாமல் இருந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். ஆணி அடித்ததில் துளைகளுக்கு இடையே மரம் பிளந்திருந்தால் அது கடினம்.

இப்போது சீட்டை நாமே திருத்தி எழுதலாம். வயதில் விற்பவர் குறைத்தே சொல்லியிருக்கிறார், இது அநேகமாக ஆன்டிக். பெயரில் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், இது தோனெட் அல்ல, கோன். நிலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, இருக்கை மாற்றப்பட்டது, ஒரு கால் பழுதுபார்க்கப்பட்டது. பேரத்தில் பேச வேண்டியது அந்த மூன்றாவதைத்தான். பிரம்பு பின்ன என்ன செலவாகும் என்று பின்னுபவரிடம் விசாரித்துவிட்டு வந்து அந்தத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள்.

ஏழாம் படி: சீட்டில் உள்ளது பில்லில் வர வேண்டும்

காசு கொடுத்ததும் நூலை அறுத்துச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் பொருளோடு சேர்த்து அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘பழைய நாற்காலி 1’ என்று எழுத விடாதீர்கள். செய்தவர் பெயர், உத்தேச ஆண்டு, மாற்றிய பாகங்கள் மூன்றும் வரட்டும். மேலே பார்த்ததற்கு இப்படி எழுதச் சொல்லலாம்: ‘வளைமர நாற்காலி, ஜே. அண்ட் ஜே. கோன் முத்திரை, சிர்க்கா 1900, இருக்கை பிற்காலத்தது, இரண்டு திருகுகள் மாற்றப்பட்டவை.’ பின்னால் தகராறு வந்தாலும், காப்பீடு எடுத்தாலும், வேறு நாட்டுக்கு அனுப்பினாலும் கேட்கப்படுவது இந்த வரிதான்.

வாய்வார்த்தையில் ‘நூறு வருஷம் இருக்கும் சார்’ என்று அடித்துச் சொன்னவர் அதையே பில்லில் எழுதத் தயங்கினால் கோபப்பட வேண்டாம். ‘அப்படியென்றால் ஸ்டைல் என்றே எழுதுங்கள், அதற்கான விலையைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.